உச்சப்புள்ளியா, திணிவு மையமா, சாளரக் கூட்டுத்தொகையா: 4:5 வெட்டு ஓர் ஒப்பீடு

படத்தில் கண்ணை ஈர்க்கும் இடங்களுக்குக் கூடிய மதிப்பைத் தரும் சேலியன்சி வரைபடம் கையில் இருந்தாலும், வெட்டுச் சட்டகத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி தீர்ந்துவிடாது. ஒரே வரைபடத்திலிருந்து மூன்று முறைகள் மூன்று வெவ்வேறு வெட்டுகளைத் தரக்கூடும்.

திருகோணமலைக் கோட்டை வாசலுக்கு அருகே எடுத்த 6000×4000 படம் ஒன்றை 4:5 விகிதத்துக்கு மாற்றுவதாகக் கொள்வோம். முழு உயரத்தையும் வைத்துக்கொண்டால் சட்டகத்தின் அகலம் 3200 பிக்சல் ஆகும். இடப்பக்கம் பார்த்து நிற்கும் புள்ளிமான் 950 முதல் 1850 வரை இருக்கிறது. வலப்பக்கம் 5000 அளவில் சிவப்பு ஓட்டோ ஒன்று நிற்கிறது. பின்னணியைக் கழித்த பின், மொத்தச் சேலியன்சியில் 60 வீதம் மானிடமும் 40 வீதம் ஓட்டோவிடமும் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டு நடுவில் வெட்டினால் சட்டகம் 1400இல் தொடங்கி மானை இரண்டாக்கும்; அதைப் பற்றி மேலே பேச வேண்டியதில்லை.

உச்சப்புள்ளி முறை மிக விரைவானது. `libvips` நிரலகத்தின் `attention` தெரிவு ஏறத்தாழ இவ்வாறே செயற்படுகிறது: விளிம்பு, தோல் நிறம், செறிந்த நிறம் ஆகியவற்றைக் கூட்டி, மங்கலாக்கி, அதிக மதிப்புள்ள புள்ளியை நடுவாகக் கொள்கிறது. ஒரே ஆள் நிற்கும் படத்துக்கு இது போதும். இங்கோ சிவப்பு நிறம் மானை வென்றுவிட, சட்டகம் 2800–6000 என்று ஒதுங்கி, மான் முற்றாக விடுபடுகிறது.

திணிவு மையம் நியாயமானதாகத் தோன்றினாலும், இரு பொருள்கள் உள்ள படத்தில் அதுவே மோசமானது என்பது என் எண்ணம். 0.6×1400 + 0.4×5000 = 2840 என்பது வெறும் தெரு. சட்டகம் 1240இல் தொடங்குவதால் மானின் தலையும் கழுத்தும் போய்விடும், ஓட்டோவும் உள்ளே வராது.

எஞ்சியது, அதிகச் சேலியன்சியை அடக்கும் சட்டகத்தைத் தேடுவது. சேலியன்சி வரைபடத்தை `s`, சட்டகத்தின் அகலத்தை `w` எனக் கொண்டு நிரல்வாரியாகக் கூட்டினால் இரண்டு வரிகளில் முடிந்துவிடும்:

```python
c = np.concatenate(([0], np.cumsum(s.sum(axis=0))))
x0 = np.argmax(c[w:] - c[:-w])
```

மான் முழுதாக உள்ளே வருகிறது. ஆனால் 0 முதல் 950 வரை எங்கே தொடங்கினாலும் அதே 60 வீதமே கிடைப்பதால், பின்னணியின் சிறு இரைச்சல்கூட மானைச் சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். ஆகவே வென்ற சட்டகத்துக்குள் மட்டும் திணிவு மையத்தைக் கணித்து, அதை நடுவாக்க வேண்டும். 1400−1600 எதிர்மறையாவதால் தொடக்கம் 0 ஆகிறது. மான் நடுவிலிருந்து 200 பிக்சல் இடப்புறம் நிற்கும். மிகச் சரியாக நடுவில்தான் வேண்டுமென்றால் சட்டகத்தை 2800×3500 ஆகச் சுருக்க வேண்டும்.

நான் இந்த இரண்டு படி முறையையே தெரிவேன், ஒரு நிபந்தனையோடு: வென்ற சட்டகத்தின் கூட்டுத்தொகையை, அதற்கு வெளியே எஞ்சும் சேலியன்சியின் தொகையோடு ஒப்பிட வேண்டும். 60க்கு 40 என்றால் ஏற்கலாம். 52க்கு 48 என்று வந்தால் அந்தப் படத்தை ஆள் பார்த்து வெட்டுவதே சரி.