கோராய் பகோடாவா, இகத்புரி தம்மகிரியா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் அத்தை மகனுக்கு விடுமுறையில் அமைதியான ஓர் இடம் வேண்டுமாம். ஒரே நாள்தான் என்றால் கோராயில் உள்ள விபாசனா தியானப் பகோடா போதும். போரிவலி பக்கம் போய் படகில் கடந்தால் வந்துவிடும். ஆனால் ஒன்று, பெரிய தியான மண்டபத்துக்குள் பத்து நாள் விபாசனா பயிற்சி முடித்தவர்களைத்தான் விடுவார்கள், மற்றவர்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். இது தெரியாமல் போய் வருத்தப்படுபவர்கள் நிறைய.

உண்மையில் மௌனம் வேண்டுமென்றால் இகத்புரி மலையில் உள்ள தம்மகிரி தியான மையம்தான், அந்தப் பத்து நாள் பயிற்சி அங்கே நடக்கும். புதன் மதியம் சேர்ந்தால் அந்த வார ஞாயிறை விட்டு அதற்கடுத்த ஞாயிறு காலை கிளம்பலாம், அதாவது எட்டு வேலை நாள் லீவு. சேர்ந்த அன்று மாலை தொடங்கும் மௌனம் பயிற்சியின் பத்தாம் நாள் காலை வரை நீடிக்கும். பேச்சு மட்டுமல்ல, சைகை, சீட்டு எழுதுவது எதுவும் கூடாது, பயிற்சி பற்றிய சந்தேகங்களை ஆசிரியரிடமும், சாப்பாடு, அறை போன்ற பிரச்சினைகளை நிர்வாகியிடமும் மட்டும் மெதுவாகச் சொல்லலாம். போன், புத்தகம், நோட்டு எல்லாம் ஒப்படைக்க வேண்டும். காலை நான்கு மணிக்கு மணி அடிக்கும், மதியச் சாப்பாடு பதினொன்றுக்கு, மாலையில் புதியவர்களுக்குப் பழமும் டீயும்தான்.

உடை விஷயத்தில் இரண்டிலும் தளர்வாக, தோளும் முழங்காலும் மூடி இருக்கட்டும். தம்மகிரியில் ஷார்ட்ஸ், லெகிங்ஸ், மெல்லிய துணி கூடாது. குலுங்கும் கொலுசையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அமைதியான மண்டபத்தில் அது பக்கத்தில் இருப்பவரை எவ்வளவு கலைக்கும் என்று உட்கார்ந்தால்தான் தெரியும்.

அவனுக்கு மூன்று நாள்தான் லீவு, அதனால் இப்போதைக்கு பகோடா போ என்றேன்.