இருகீல் ஆர்ச்: 16 ஆண்டு பயன்படுத்திய பிறகும் என்னை உறுத்தும் ஒரு பூஜ்யம்

கட்டமைப்பு வடிவமைப்பில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "இருகீல் ஆர்ச்சுக்கு உந்துவிசை கண்டுபிடிக்க நீ இன்னும் திரிபு ஆற்றல் முறையைத்தான் கையில் போட்டுப் பார்க்கிறாயா? நம்பலாமா?" அவர் கேட்ட நேரத்தில் நான் ஒரு பழுதுபார்ப்பு வேலையின் நடுவில் இருந்தேன். அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வந்தது. பொறுமையாகச் சொல்ல வேண்டியது அது, இங்கே எழுதுகிறேன்.

முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டு கீலில் நிற்கும் ஆர்ச்சில், சமநிலைச் சமன்பாடுகளால் மட்டும் கண்டுபிடிக்க முடியாத விசை ஒன்றே ஒன்று: கிடைமட்ட உந்துவிசை H. ஒரு தாங்கியை மனதில் உருளையாக்கி, சாதாரண உத்தரமாக எண்ணி அதன் மொமென்ட் M0 கண்டுபிடிக்கிறோம். பிறகு H தாங்கிகளை உள்நோக்கித் தள்ளுவதாக வைத்தால், ஆர்ச்சின் உயரம் y ஆக இருக்கும் வெட்டில் மொமென்ட் M = M0 − H·y. திரிபு ஆற்றல் U-வை எழுதி H-ஐப் பொறுத்து வகையிட்டால் தாங்கியின் நகர்வு கிடைக்கும். தாங்கி நகராது என்றால் அது பூஜ்யம். அப்புறம் H தானாக வெளியே வந்துவிடும். E பொருளின் மீள்மைக் குணகம், I வெட்டின் நிலைமத் திருப்புத்திறன்:

```
H = ∫(M0·y/EI) ds ÷ ∫(y²/EI) ds
```

இதில் எனக்கு இன்றும் அலுக்காத ஒரு மகிழ்ச்சி உண்டு. பரவளைய ஆர்ச்சை எடுத்து, உச்சியிலிருந்து தாங்கியை நோக்கிப் போகப் போக I = I0·secθ என்று கூடும்படி வைத்தால், ds/I என்பது dx/I0 ஆகிவிடுகிறது. வளைவின் நீளத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. இடைத்தூரம் L, உச்சி உயரம் h என்றால் கீழே இருக்கும் ∫y² dx தொகையீடு 8h²L/15. சீரான சுமை w முழு நீளத்துக்கும் இருந்தால் M0-வும் பரவளையம், y-யும் பரவளையம். ஒன்று மற்றொன்றின் மடங்கு. H = wL²/8h. எந்த வெட்டிலும் மொமென்ட் இல்லை. E எவ்வளவு, I எவ்வளவு என்று யாரும் கேட்கவே இல்லை. இரண்டும் மேலும் கீழும் அடிபட்டுப் போயின. முதல் தடவை இதைக் கண்டபோது தாளைத் திருப்பி மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இனி அந்தப் பழுதுபார்ப்பு வேலை. இடைத்தூரம் 20 மீ, உச்சி உயரம் 4 மீ, சுமை மீட்டருக்கு 30 கிலோநியூட்டன். கான்கிரீட் விலா உச்சியில் 400 மி.மீ. அகலம், 800 மி.மீ. ஆழம். இரண்டு கீல்களும் இரண்டு பெரிய சுவர்களின் தலையில். பழைய கணக்குத் தாளில் H = 30 × 400 ÷ 32 = 375 கிலோநியூட்டன் என்று அழகாக இருக்கிறது. மொமென்ட் இல்லாததால் உச்சியில் குறைந்த அளவு கம்பிதான். சுவர் 375-ஐத் தாங்குமா என்றும் பார்த்திருக்கிறார்கள், தாங்கும். ஆனால் 375 கொடுத்தால் சுவரின் தலை எவ்வளவு நகரும் என்ற கேள்வி அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. நான் போனபோது உச்சியின் அடிப்பக்கத்தில் விலாவின் முழு அகலத்துக்கும் விரிசல். கீலுக்குக் கீல் அளந்தால் வரைபடத்தைவிட 20 மி.மீ. அதிகம்.

எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். காரணம் முறை இல்லை, அந்தப் பூஜ்யம். இந்த முறைக்கு அடிப்படையான தேற்றத்தைத் தந்த காஸ்டிலியானோ 1873-ல் டூரினில் தன் பட்ட ஆய்வேட்டில் சொன்னது, ஆற்றலை ஒரு விசையைப் பொறுத்து வகையிட்டால் அந்த விசையின் திசையில் நடக்கும் நகர்வு கிடைக்கும் என்பது. வலது பக்கம் ஒரு நகர்வுக்கான இடம். அதில் பூஜ்யம் போடுவது நாம். பாடத்தில் முதல் கணக்கிலிருந்தே பூஜ்யம் போட்டுப் பழகுவதால் அது தேற்றத்தின் பகுதி மாதிரியே மனதில் நின்றுவிடுகிறது. நகராத தாங்கி என்பது நாம் வைத்த அனுமானம் என்பதே மறந்துபோகிறது.

நகர்வைப் போட்டால் என்ன ஆகிறது? H உள்நோக்கியது, தாங்கி δ அளவு வெளிநோக்கிப் போகிறது. எனவே ∂U/∂H = −δ. இந்தக் கழித்தல் குறியில் சறுக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தவறைக் கண்டுபிடிக்க எளிய வழி: தாங்கி விலகினால் H குறைய வேண்டும். உங்கள் விடையில் கூடியிருந்தால் குறி மாறிவிட்டது.

```
H = (∫(M0·y/EI) ds − δ) ÷ ∫(y²/EI) ds
```

இந்த ஆர்ச்சுக்கு ∫y² dx = 8 × 16 × 20 ÷ 15 = 170.67. E 25,000 மெகாபாஸ்கல் என்றால் EI0 சுமார் 4,26,700 கிலோநியூட்டன்·மீ². வகுத்தால் ஒரு கிலோநியூட்டனுக்கு 0.4 மி.மீ. 16 ஆண்டுகளாக எந்த ஆர்ச் கைக்கு வந்தாலும் நான் முதலில் கண்டுபிடிப்பது இந்த எண்ணைத்தான். திருப்பிச் சொன்னால், சுவர் விலகும் ஒவ்வொரு மி.மீ.-க்கும் H 2.5 கிலோநியூட்டன் குறையும், உச்சியில் 10 கிலோநியூட்டன்·மீட்டர் மொமென்ட் புதிதாக வரும்.

10 மி.மீ. விலகியிருந்தால் உச்சி மொமென்ட் 100. அடிப்பக்க இழுவிசைத் தகைவு 2.3 மெகாபாஸ்கல், அச்சு அமுக்கம் அதில் 1.1-ஐக் கழித்துவிடும். மிச்சம் சுமார் 1.2. கான்கிரீட் பொறுத்துக்கொள்ளும். 20 மி.மீ. என்றால் H = 325, மொமென்ட் 200. இப்போது 4.7 − 1.0, அதாவது 3.7 மெகாபாஸ்கல். இந்தக் கான்கிரீட்டின் வளைவு இழுவலிமை சுமார் 3.5. விரிசல் வந்த இடமும் வந்த அளவும் கணக்கோடு உட்கார்ந்துவிட்டன. விலாவின் அச்சுச் சுருக்கத்தை நான் சேர்க்கவில்லை. இவ்வளவு உயரமான ஆர்ச்சில் அது H-இல் ஒரு சதவீதம்கூட இல்லை. சுவர் மெதுவாக நகர்ந்திருந்தால் கான்கிரீட்டின் தவழ்ச்சியால் E குறைந்து மொமென்ட்டும் கொஞ்சம் தணிந்திருக்கும். விரிசல் வந்த பிறகு EI-யும் பழையது இல்லை. ஆகவே இந்த எண்கள் விரிசல் ஏன் வந்தது என்று சொல்லும். இன்றைக்குத் துல்லியமாக என்ன மொமென்ட் இருக்கிறது என்று சொல்லாது.

வேலையிடத்தில் இருந்தவர்கள் சொன்ன முதல் யோசனை விலாவை 1000 மி.மீ. ஆழமாக்குவது. கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அடிபட்டுப் போன EI இப்போது திரும்பி வந்துவிட்டதைக் கவனியுங்கள். δ-வால் வரும் மொமென்ட் EI-க்கு நேர்விகிதம். 1000 மி.மீ. ஆக்கினால் I கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுவர் இனிமேல் விலகும் ஒவ்வொரு மி.மீ.-க்கும் மொமென்ட் இரண்டு மடங்கு, தகைவு 25 சதவீதம் அதிகம். தாங்கி நகரும் ஆர்ச்சில் விறைப்பைக் கூட்டுவது நோயை வளர்ப்பது.

அடுத்த யோசனை இரண்டு கீல்களையும் இணைக்கும் கட்டுக்கம்பி. இது சரியான திசை. ஆனாலும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். 36 மி.மீ. விட்டத்தில் இரண்டு எஃகுக் கம்பிகள் என்றால் கம்பியின் நீட்சி ஒரு கிலோநியூட்டனுக்கு 0.049 மி.மீ. இதுவும் கீழே 0.4-ஓடு சேரும். முழு உந்துவிசையையும் கம்பியே எடுத்தால் H = 375 × 0.4 ÷ 0.449 = 334; கம்பி 16 மி.மீ. நீளும். சுவர் கெடுத்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதானே! கம்பியைச் சும்மா மாட்டி நட்டை இறுக்கிவிட்டு வந்தால் அது புதிய நகர்வை மட்டுந்தான் கொஞ்சம் தடுக்கும். ஜாக்கி வைத்து முன்கூட்டியே இழுக்க வேண்டும். நாங்கள் கீல்களில் டயல் கேஜ் பொருத்தி, விசையைவிட நகர்வைப் பார்த்தே இழுத்தோம். 12 மி.மீ. உள்ளே வந்ததும் நிறுத்தினோம். விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடியது.

மென்பொருள் இதையெல்லாம் நொடியில் செய்யும்தான். ஆனால் அங்கும் தாங்கியைக் கீல் என்று தேர்ந்தெடுத்தாலே அதே பூஜ்யம் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுகிறது. கையில் போடும்போதாவது அதை நம் பேனா எழுதுகிறது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். அவர் நினைத்திருப்பது அதே 20 மீ, அதே விலா, அதே சுமை. உயரம் மட்டும் 1 மீ. அடித்தளம் 10 மி.மீ. விலகலாம் என்று மண் அறிக்கை சொல்கிறதாம். y² பதினாறில் ஒரு பங்காகிவிட்டதால் அந்த 0.4 மி.மீ. இப்போது 0.025. இங்கே அச்சுச் சுருக்கத்தை விட முடியாது, L/AE 0.0025, அதாவது பத்தில் ஒரு பங்கு. சூத்திரம் 1500 என்னும். சுருக்கத்தைச் சேர்த்தால் 1364. 10 மி.மீ. விலகினால் 1000. உச்சியில் 500 கிலோநியூட்டன்·மீட்டர் மொமென்ட், அடிப்பக்கத்தில் 8 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை. கைக்கு அடங்கிய கணக்கு இவ்வளவு தெளிவாக எச்சரிக்கிறது.

ஆகவே, முறையை நம்பலாம். மூன்று பக்கக் கணக்கில் சுவரின் நகர்வையும் விரிசலையும் கம்பியையும் ஒரே வரியில் கட்டிப்போடும் வேறு முறை எனக்குத் தெரியாது. ஆனால் அவருடைய ஆர்ச்சுக்கு நான் சொல்வது, இருகீலே வேண்டாம் என்பதுதான். உச்சியில் மூன்றாவது கீலைப் போடட்டும். H சமநிலையாலேயே தீர்மானமாகும், 1500-ஐ ஒட்டியே நிற்கும். தாங்கி விலகினாலும் விலாவில் பெரிய மொமென்ட் வராது. அதற்கும் ஒரு விலை இருக்கிறது: ஒவ்வொரு பாதியும் 5 மி.மீ. வெளியே போனால் உச்சி 5 × 10 ÷ 1 = 50 மி.மீ. இறங்கும். மேலே வரும் தளமும் நீர்த்தடுப்பும் அந்த 50 மி.மீ.-ஐத் தாங்குமா என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.