மருமகளுக்கு முதல் வங்கிக் கணக்கு: களுவாஞ்சிகுடியில் மூன்று நாள்

மாமாங்கத் தீர்த்தத்துக்காக 2025 ஜூலையில் ஊருக்கு வந்திருந்தேன். தங்கச்சியின் மகள் மட்டக்களப்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். தினமும் கல்முனை வீதியில் பஸ் ஏறிப் போய் வர வேண்டும். அவளின் அப்பா கட்டாரில். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, கொப்பிக் காசு எல்லாம் தங்கச்சியின் கையிலிருந்து சில்லறையாகவே போய்க்கொண்டிருந்தது. கனடாவிலிருந்து மாதம் கொஞ்சம் அனுப்புகிறேன், அவளின் பெயரிலேயே ஒரு கணக்குத் திறப்போம் என்று சொன்னேன்.

"எனக்கு ஐடி இருக்கு மாமா, நான் தனியப் போய்த் திறக்கிறன்" என்றாள். அடையாள அட்டை இருந்தால் வயது வந்தவர் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். இலங்கையில் அட்டையை 15 வயது முடிந்ததும் எடுக்கலாம். வங்கியோடு தானாக ஒப்பந்தம் செய்யும் வயது 18. முன்பு அது 21 ஆக இருந்தது, 1989இல் வந்த சட்டத் திருத்தம்தான் 18 ஆக்கியது. அட்டை இலக்கமே வயதைச் சொல்லிவிடும். அவளுடையதில் முதல் நாலு இலக்கம் 2007, பிறந்த வருடம். அடுத்த மூன்று 819. பெண்களுக்கு 500 கூட்டி எழுதுவார்கள், அதைக் கழித்தால் 319. பெப்ரவரிக்கு 29 நாள் வைத்து எண்ணினால் 319ஆவது நாள் நவம்பர் 14. ஆக, அவளுக்கு 18 ஆக இன்னும் நாலு மாதம் இருந்தது. வங்கி உத்தியோகத்தர் அட்டையைப் பார்த்த உடனேயே "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார்.

அடுத்த நாள் மூன்று பேருமாகப் போனோம். முதலில் எங்களிடம் நீட்டப்பட்டது சிறுவர் சேமிப்புப் படிவம். வட்டி கொஞ்சம் கூட, அன்பளிப்பாக ஒரு பையும் உண்டு. தங்கச்சி பேனாவை எடுத்துவிட்டாள். நான் ஒன்று மட்டும் கேட்டேன்: "இதிலிருந்து மாதாமாதம் காசு எடுக்கலாமா?" எடுக்க முடியாதாம். பிள்ளைக்கு 18 ஆகும் வரை பூட்டு. படிப்பு, மருத்துவம் போன்ற தேவைக்கென்றால் கடிதமும் ரசீதும் கொடுத்து முகாமையாளரின் அனுமதி பெற வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சேர்க்க அது மிக நல்ல கணக்கு. நாளாந்தம் பஸ் ஏறும் பிள்ளைக்கு அது உதவாது. எங்களுக்கு வேண்டியது சாதாரண சேமிப்புக் கணக்கு: பெயர் பிள்ளையுடையது, கையெழுத்து பாதுகாவலரான தாயுடையது. அப்படிக் கேட்டபோது அதற்கு வேறு படிவம் வந்தது. நாங்களாகக் கேட்டிருக்காவிட்டால் அது வந்திராது என்பதுதான் எனக்கு இன்னும் மனவருத்தம். கவுண்டரில் இருப்பவர் எதற்காகக் கணக்கு என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

பிறகுதான் உண்மையான சிக்கல். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் எங்கள் அப்பாவின் பெயரோடு இருக்கிறது. தங்கச்சியின் அடையாள அட்டை கலியாணத்துக்குப் பிறகு மாற்றி எடுத்தது, அதில் புருஷனின் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆட்கள். இந்தப் பிள்ளைக்கு இவர்தான் தாய் என்பதைக் கடதாசியில் இணைப்பது விவாகச் சான்றிதழ் ஒன்றுதான், அதில் பழைய பெயரும் கணவரின் பெயரும் சேர்ந்தே இருக்கும். வங்கிகள் கேட்கும் பட்டியலில் இது பெரும்பாலும் இருக்காது. எங்களுக்கு அது அலுமாரியின் அடித்தட்டில் கிடைத்தது. வெள்ளத்தில் கடதாசிகளை இழந்த வீடென்றால் முதலில் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

விலாசத்திலும் அதே கதை. தங்கச்சியின் அட்டையில் பழைய விலாசம், மின்சாரப் பில் மாமனாரின் பெயரில். கிராம சேவகரிடம் வதிவிடச் சான்று வாங்கி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்துக் கொடுத்தோம். கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாளை போனில் கேட்காமல் போனதால் ஒரு நாள் வீணாகியது. லீவில் வருபவர்களுக்கு ஒரு நாள் பெரிய விஷயம்.

மூன்றாம் நாள் படிவம் நிரப்பினோம். அதில் மாத வரவு எவ்வளவு, எங்கிருந்து என்று ஒரு கட்டம் இருக்கிறது. தங்கச்சி கூச்சத்தில் 5,000 என்று எழுதப் போனாள். நான் தடுத்தேன். சட்டப்படி வாடிக்கையாளரின் வருமான மூலத்தை வங்கி அறிந்திருக்க வேண்டும். 5,000 என்று எழுதிய மாணவியின் கணக்கில் வெளிநாட்டிலிருந்து 25,000 ரூபாய் விழுந்தால் கிளையிலிருந்து போன் வரும், சில வேளை பணம் நிறுத்தியும் வைக்கப்படும். உள்ளதை எழுதினோம்: குடும்பச் செலவு, மாமா, கனடா.

ஆனாலும் கடைசியில் நான் அவளின் கணக்குக்கு நேரே அனுப்பவில்லை. நான் பாவிக்கும் பணப்பரிமாற்ற நிறுவனத்தில் பரீட்சித்துப் பார்க்கச் சின்னத் தொகை ஒன்று போட்டேன், திரும்பி வந்துவிட்டது. நான் அவளைக் கூப்பிடும் பெயரையும் அப்பாவின் பெயரையும் எழுதியிருந்தேன். வங்கிப் புத்தகத்திலோ முதலெழுத்தும் முழுப்பெயரும். இந்தப் பிழையைத் திருத்தலாம். ஆனால் பெறுநர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அந்த நிறுவனம் ஏற்கவே ஏற்காது என்று பிறகு சொன்னார்கள். ஆகவே 25,000 தங்கச்சியின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து மாதம் 5ஆம் திகதி 10,000 மகளின் கணக்குக்குத் தானாக மாறும்படி நிலையான கட்டளை ஒன்று கொடுத்தோம். தாயின் கணக்கில் அன்று காசு இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நான் 1ஆம் திகதியே அனுப்பிவிடுவேன்.

காசு எடுக்கும் காட் அந்தக் கிளையில் பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. மீளெடுக்கும் துண்டில் தங்கச்சியே கையெழுத்து வைப்பாள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை 5,000 எடுப்பார்கள், வங்கிப் புத்தகத்தைப் பதிவித்து வீட்டுக்குக் கொண்டுவருவது மகளின் வேலை. மூன்றாம் மாதம் அவள் எனக்கு அழைத்து, வட்டியிலிருந்து ஏதோ கழித்திருக்கிறார்கள் என்று கேட்டாள். அது 10 சதவீத முற்கூட்டிய வரி, 2025 ஏப்ரலிலிருந்து 5இலிருந்து கூட்டியது என்று விளங்கப்படுத்தினேன். அந்த ரூபாய்க் கணக்கை அவளே கண்டுபிடித்தது எனக்குச் சந்தோசம்.

நவம்பர் 14 வெள்ளிக்கிழமை. 18 ஆனதும் கணக்குத் தானாக அவளுடைய கைக்கு வந்துவிடும் என்று தங்கச்சி நினைத்திருந்தாள். வராது. அந்த நாளோடு பாதுகாவலரின் கையெழுத்துக்கு வலு முடிந்துவிடும், மகளின் கையெழுத்தோ இன்னும் வங்கியிடம் இல்லை. அவள் நேரே போய் அட்டையைக் காட்டி, புதிய கையெழுத்து மாதிரி கொடுக்கும் வரை யாராலும் காசு எடுக்க முடியாது. இதை ஜூலையிலேயே கேட்டு வைத்திருந்ததால், 12ஆம் திகதி ஒரு மாதச் செலவுக்காகத் தங்கச்சி 10,000 எடுத்து வைத்தாள். 17ஆம் திகதி திங்கட்கிழமை இருவரும் போனார்கள். கணக்கு இலக்கம் மாறவில்லை, நிலையான கட்டளையும் அப்படியே ஓடியது. காட்டுக்கும் போன் செயலிக்கும் அன்றே விண்ணப்பித்தாள், தன் சொந்த இலக்கத்தைக் கொடுத்து. அதுவரை வங்கியில் பதிவாகியிருந்தது அம்மாவின் போன். அதை மாற்றாமல் விட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் களுவாஞ்சிகுடியில் விழும், பிள்ளை மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நிற்கும்.