18,000 ரோ சம்பள ஃபைல்: எத்தனை ரோவை கையால் பார்ப்பது, எப்படி எடுப்பது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ, லெதர் கம்பெனிகளில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு மாசக் கடைசியில் இந்தத் தலைவலி உண்டு. சாஃப்ட்வேர் துப்பிய சம்பள ரிப்போர்ட்டை டைம் கார்டோடு ஒத்துப் பார்த்தாக வேண்டும். முழுசையும் பார்க்க ஆள் கிடையாது. நடைமுறையில் இருப்பது மூன்று வழி: மேலிருந்து நூறு ரோ, சம இடைவெளி விட்டு ஒவ்வொன்று, குலுக்கல் முறையில் ராண்டம். நாங்கள் இடைவெளி முறையை விட்டுவிட்டு ராண்டத்துக்கு வந்தவர்கள். அதனால் கீழே தராசு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதலில் எத்தனை என்பது. "பத்து சதவீதம் பாருங்கள்" என்பது ஆபீஸ்களில் வாய்வழியாக ஓடும் கணக்கு. 18,000 ரோவுக்கு அது 1,800. யாரும் பார்த்து முடிக்க மாட்டார்கள். 500 ரோ ஃபைலுக்கு அது வெறும் 50. அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. ஃபைல் எவ்வளவு பெரிது என்பதைவிட, எத்தனை ரோ பார்த்தோம் என்பதுதான் முக்கியம். நினைவில் வைக்க ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது: பார்த்த ரோவில் ஒரு தப்புகூட இல்லையென்றால், 3-ஐ, பார்த்த ரோ எண்ணிக்கையால் வகுங்கள். 60 பார்த்துச் சுத்தமாக இருந்தால், ஃபைல் முழுவதிலும் தப்பு 5 சதவீதத்துக்குள் இருக்கும் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 300 பார்த்தால் 1 சதவீதத்துக்குள். ஃபைல் 18,000 ரோ ஆனாலும் 1,80,000 ஆனாலும் இந்த 300 ஏறக்குறைய அதேதான். ஒரு ரோவுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்தால் 15 மணி நேரம். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும்.

ஆனால் இந்தக் கணக்கு பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: எல்லா ரோவுக்கும், ஒன்றையொன்று சாராமல், மாட்டிக்கொள்ள சம வாய்ப்பு இருக்க வேண்டும். மேலிருந்து நூறு எடுக்கும் முறை இங்கேயே அவுட். மேலே இருப்பது பெரும்பாலும் குறைந்த டோக்கன் நம்பர், அதாவது பழைய ஆட்கள். அவர்கள் கணக்கு ஏற்கெனவே பத்து முறை சரிபார்க்கப்பட்டிருக்கும்.

இடைவெளி முறையைப் பற்றித்தான் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அது பார்க்க நியாயமாகத் தெரியும். ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 750 தொழிலாளர்கள், திங்களில் தொடங்கி, ஞாயிறு லீவு போக நான்கு வாரத்தில் 24 வேலை நாள், ஆளுக்கு நாளைக்கு ஒரு ரோ, மொத்தம் 18,000. ஆள் வாரியாக, தேதி வாரியாக அடுக்கியிருக்கிறது. 300 வேண்டும் என்பதால் 60 ரோவுக்கு ஒன்று. 4-ஆவது ரோவில் தொடங்கினால் 4, 64, 124, 184 என்று போகும். இப்போது அவை எந்தக் கிழமை என்று பாருங்கள். 60 ஆறால் மீதியில்லாமல் வகுபடும், வாரத்துக்கு வேலை நாளும் ஆறு; எடுத்த 300-ம் வியாழக்கிழமை! இன்னும் மோசம், 24 நாள் சுழற்சியில் 4-ஆவது நாளும் 16-ஆவது நாளும் மட்டும்தான் மாறி மாறி வரும். மாசத்தில் இரண்டே தேதியைப் பார்த்துவிட்டு "மொத்தமும் சரி" என்று கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

தப்பு எங்கே இருக்கும்? ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஓ.டி. போடுவது பெரும்பாலும் சனிக்கிழமை என்று வையுங்கள். சனிக்கிழமை ரோ 3,000. அதில் பத்தில் ஒன்றில் ஓ.டி. மணி தப்பாக ஏறியிருந்தால் 300 தப்பு. இடைவெளி முறையில் கண்ணில் படுவது பூஜ்யம். ராண்டமாக 300 எடுத்தால் சராசரியாக 50 சனிக்கிழமை வரும், சுமார் ஐந்து தப்பு சிக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஒன்றுமே சிக்காமல் போக நூற்றில் ஒரு வாய்ப்புகூட இல்லை. அதே ராண்டம் 100 மட்டும் எடுத்தால் நூறு தடவைக்குச் சுமார் 19 தடவை கோட்டைவிடுவோம்.

இடைவெளியை 61 ஆக்கினால் இந்தக் கோளாறு போய்விடும், உண்மைதான்; எல்லாத் தேதியும் வரும். ஆனால் ஃபைலில் இன்னும் என்ன சுழற்சி ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு மாசமும் யார் தேடிக்கொண்டிருப்பது?

எக்செலில் ராண்டம் எடுப்பது சுலபம், கெடுப்பதும் சுலபம். முதலில் ஆள்வாரி டோட்டல் ரோக்களையும் நடுவில் உள்ள காலி ரோக்களையும் நீக்குங்கள். காலி ரோ இருந்தால் சார்ட் அதோடு நின்றுவிடும். ஃபில்டர் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தெரிகிற ரோ மட்டும்தான் கலையும். பிறகு 1 முதல் 18,000 வரை சீரியல் நம்பர் போட்டு, பக்கத்து காலத்தில் `=RAND()` இறக்கி, அதை காப்பி செய்து வேல்யூவாக ஒட்டி, அந்தக் காலத்தை வைத்து சார்ட் செய்து மேலே வரும் 300-ஐ எடுக்கலாம். வேல்யூவாக ஒட்ட மறந்தால், ஷீட்டில் எதைத் தொட்டாலும் எண்கள் மாறிவிடும்.

ராண்டத்தின் மேல் நியாயமான ஒரு புகார் உண்டு, எங்கள் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்: ஆடிட்டரோ பையர் அனுப்பும் ஆளோ "இந்த 300 எப்படி வந்தது, மறுபடி எடுத்துக் காட்டுங்கள்" என்றால் என்ன செய்வது? இடைவெளி முறையில் "4-இல் தொடங்கி 60-க்கு ஒன்று" என்று சொன்னால் போதும். `RAND()`-இல் அந்த வழியே கிடையாது. இரண்டாம் தடவை வேறு 300 வரும். சந்தேகப்படுகிறவர், பிடிக்காத லிஸ்ட்டைத் தூக்கிப்போட்டு, சுத்தமான லிஸ்ட் வரும்வரை குலுக்கினீர்கள் என்று சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை. அதனால் தொடக்க எண்ணைக் கட்டிவைத்துக் குலுக்குவதே எங்கள் சிபாரிசு:

```python
import random
random.seed(4817)
print(sorted(random.sample(range(1, 18001), 300)))
```

அதே 4817, அதே பைத்தான் வெர்ஷன் என்றால் யார் ஓட்டினாலும் அதே 300 சீரியல் நம்பர் வரும். 4817 எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. சம்பள ஃபைல் தயாரித்தவர் அதைச் சொல்லக் கூடாது. ஃபைலை மூடிய பிறகு, அதில் கை வைக்காத ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னதும் எண், ரோ எண்ணிக்கை, மொத்தத் தொகை, தேதி நான்கையும் ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு யாராவது ஃபைலை வேறு மாதிரி அடுக்கினாலும் சீரியல் நம்பர் கூடவே போகும்.

தொகை பெரிதான ரோக்களை, உதாரணமாக செட்டில்மெண்ட், அரியர் போன்றவற்றை, குலுக்கலுக்கு விடாமல் தனியாகப் பிரித்து முழுக்கப் பார்ப்பது நல்லது. தொகைக்கு ஏற்ப வாய்ப்புக் கொடுத்து எடுக்கும் முறையும் ஆடிட்டில் உண்டு. தினக்கூலி ரோக்கள் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதால் இங்கே அதற்கு வேலை குறைவு என்பது எங்கள் எண்ணம், அடித்துச் சொல்லும் அளவுக்கு ஓட்டிப் பார்த்ததில்லை.

எடுத்த ரோவுக்கு டைம் கார்டு கிடைக்கவில்லையா? அடுத்த ரோவுக்குத் தாவாதீர்கள். கார்டு இல்லாததே ஒரு தப்பு, அப்படியே எழுதுங்கள். 300-இல் இரண்டு தப்பு வந்தால் இரண்டையும் திருத்திவிட்டு நிற்கவும் கூடாது; ஃபைல் முழுவதிலும் தப்பு சுமார் 2 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய 360 ரோ வரை இருக்க இடமுண்டு. இரண்டும் ஒரே லைனா, ஒரே சூப்பர்வைசரா, ஒரே கிழமையா என்று பார்த்து, அந்தப் பகுதியை மட்டும் முழுசாகப் பிரித்து மேயுங்கள்.

எந்த முறையிலும் மாட்டாதது ஒன்று உண்டு: வேலை செய்தும் ஃபைலில் ஏறாத நாள். இல்லாத ரோவைக் குலுக்கலில் எடுக்க முடியாது. அதற்கு டைம் கார்டுக் கட்டிலிருந்து தனியாக ஒரு 60 கார்டைக் குலுக்கி எடுத்து, ஃபைலில் அந்த ஆளும் தேதியும் இருக்கிறதா என்று எதிர்ப்பக்கமாகத் தேட வேண்டும்.