பழைய புத்தகக் கடையின் அடையாளம்: ஒரு விலைச்சீட்டைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்

திருச்சியில் நாங்கள் நடத்தும் பழைய புத்தகக் கடைக்கு ஒரு வடிவமைப்பாளரைக் கொண்டு அடையாள வடிவமைப்பு செய்துகொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. பெயர்ப்பலகை, காகிதப் பை, அலமாரித் தலைப்புகள், விலைச்சீட்டு என்று நான்கு வேலைகள் அதில் அடங்கும். உள்ளே வருகிறவர் கடையைப் பார்க்கும் விதத்தை மாற்றியது விலைச்சீட்டுதான் என்பதால் பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

புதுப் புத்தகக் கடையில் ஒரே பதிப்பகத்தின் நூல்கள் வரிசையாக நிற்கும். முதுகுகள் ஒன்றுபோலத் தெரியும். எங்களிடம் அப்படி ஒரு வரிசை அமையாது. ஒரே தட்டில் காலிகோ துணி பைண்டிங், நைந்த அட்டை, நூலக எண் ஒட்டிய முதுகு, பளபளக்கும் புதுப் பதிப்பு எல்லாம் தோளோடு தோள் நிற்கும். வண்ணமும் எழுத்தும் ஏற்கெனவே மிகுதி. அதன்மேல் கடையும் தன் பங்குக்கு ஒரு வண்ணத்தைக் கூட்டினால் கண் களைத்துவிடும். அதனால் வடிவமைப்பாளர் எல்லாப் புத்தகத்திலும் மாறாமல் திரும்பி வரும் ஒரே ஒரு பொருளைத் தந்தார். அதுதான் இந்தச் சீட்டு.

ஏ4 தாளைக் குறுக்குவாக்கில் ஆறாக வெட்டினால் ஏறத்தாழ 5 செ.மீ. அகலமும் 21 செ.மீ. நீளமும் உள்ள ஆறு சீட்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் தலையிலும் 2.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு வண்ணப் பட்டை. அதில் விலை எழுத ஒரு வெள்ளைக் கட்டம். பட்டையின் கீழ்விளிம்பு பக்கங்களின் மேல்விளிம்பைத் தொடும்வரை சீட்டைச் செருக வேண்டும், அவ்வளவுதான். சிறிய கிரௌன் அளவுப் புத்தகமானாலும் அதைவிடப் பெரிய டெமி அளவானாலும் பட்டை மட்டும் வெளியே நிற்கும். கிரௌனையும் டெமியையும் ஒரே தட்டில் கலக்கக் கூடாது என்பதை வடிவமைப்பாளர் நிபந்தனையாகவே வைத்தார். ஒரு துறைக்கு மேல்தட்டில் கிரௌன், கீழ்த்தட்டில் டெமி. கீழே முதுகுகள் எப்படி மாறினாலும் மேலே பட்டைகள் ஒரே கோடாக ஓடுகின்றன. கடைக்குள் நுழைகிறவர் கண் முதலில் பிடிப்பது அந்தக் கோட்டைத்தான்.

தாள் விஷயத்தில் பிடிவாதமாக இருந்தது நல்லதாயிற்று. பழுப்பு நிறப் பார்சல் தாளில் அச்சிட்டால் 'பழைய' தோற்றம் வரும் என்று பலரும் சொன்னார்கள். எங்களிடம் வந்த ஒரு நூலின் நடுவில் யாரோ பல ஆண்டுகளுக்கு முன்பு செய்தித்தாள் துண்டு ஒன்றை மடித்து வைத்திருந்தார். துண்டை எடுத்த பிறகும் அதன் நிழல் இரண்டு பக்கங்களிலும் காப்பிக் கறைபோலச் செவ்வகமாகப் பதிந்திருந்தது. மட்டமான தாளில் உள்ள அமிலம் பக்கத்து ஏட்டையும் பழுக்கவைக்கும். விற்கும்வரை மாதக்கணக்கில் உள்ளே கிடக்கப்போகும் சீட்டு இது. ஆகவே அமிலமற்ற வெள்ளைத் தாள். விலை கூடுதல்தான், ஆனால் அதில் சமரசமில்லை. இதே காரணத்தால் ஒட்டும் ஸ்டிக்கரும் இல்லை. பழைய அட்டையிலிருந்து ஸ்டிக்கரைப் பிரித்தால் மேல்தோலும் சேர்ந்து வரும், பசையில் தூசு படிந்து கறுக்கும்.

கடைப் பெயருக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்பும் செய்து தந்தார்கள். ண, ஞ, ணை போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் மையால் அடைத்துக்கொண்டு புள்ளிகளாகிவிட்டன. மெல்லிய எழுத்துருவில், சற்றுப் பெரிதாக மறுபடி செய்த பிறகுதான் தெளிந்தது. அதையும் பையில் மட்டுமே குத்துகிறோம். தலைப்புப் பக்கத்தில் கடை முத்திரை விழுந்த முதல் பதிப்புக்குச் சேகரிப்பாளர்கள் தரும் விலை இறங்கிவிடும்.

முதல் அச்சில் பட்டை காவிச் சிவப்பு. சன்னலோரத் தட்டுகளில் ஒரு கோடை முடிவதற்குள் அது வெளிறிய ஆரஞ்சாகிவிட்டது. உள்தட்டுகளில் நிறம் மாறவில்லை. எனவே கோடு இரண்டு நிறமாகத் தெரிந்தது. இப்போது கருநீலம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் தாங்கும் என்பதை வண்ணம் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

சீட்டின் உடலில் என்ன எழுதுகிறோம்? உதாரணமாக, அண்மையில் எழுதிய ஒன்று: '1968 பதிப்பு. காலிகோ முதுகு, உறுதியானது. முதல் ஏட்டில் முன்னாள் உரிமையாளர் பெயர். கடைசிப் பக்கங்களில் இரண்டு ராமபாணப் பூச்சித் துளைகள், எழுத்தைத் தொடவில்லை. இலங்கை ரயில் பயணத்தை விவரிக்கும் நான்காம் அத்தியாயத்துக்காகவே வாங்கலாம்.' பட்டையில் விலை: 180 ரூபாய். குறையை முன்கூட்டியே எழுதிவிடுவதால் பேரம் குறைந்தது. வீட்டுக்குப் போய்த் துளையைக் கண்டு திரும்பி வருகிறவர் ஏறக்குறைய இல்லை.

சீட்டின் அந்தக் கடைசி வாக்கியம்தான் கடையை நடத்துகிறது என்பேன். அதை எழுத வேண்டுமானால் நூலைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும். ஒரு நூலைப் பற்றி அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லையென்றால் அது அலமாரிக்கு ஏறாது. வாசலில் இருக்கும் பெட்டிக்குப் போகும். பெட்டியில் சீட்டு கிடையாது, எது எடுத்தாலும் 30 ரூபாய். குவியலைக் கிளறித் தேடுவதில் இன்பம் காண்கிறவர்கள் எங்கள் பழைய வாடிக்கையாளர்களில் நிறைய உண்டு. அந்த இன்பத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை. ஆகவே குவியலுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறோம், ஆனால் ஒரே இடம். அடையாள வடிவமைப்புக்கென்று வாங்கிய சீட்டு, எதை வாங்குவது என்பதற்கும் விதியாகிவிட்டது.

இந்த விதி மிகவும் திணறுவது, ஒரு வீட்டின் நூலகம் மொத்தமாக வரும்போது. 'அப்பா சேர்த்தது, பிரித்துக் கொடுக்க மனசு வரவில்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள் சார்' என்பார்கள். அதில் அரிய நூல்கள் பத்து இருந்தால், பழைய பாடப்புத்தகங்களும் அரைகுறை வார இதழ்களும் ஐம்பது இருக்கும். எல்லாம் ஒரே வாரத்தில் கடைக்குள் வந்தால் அலமாரியின் தலையில் புத்தகங்கள் படுக்கையாக ஏறும். சீட்டு எழுத நேரமில்லாமல் வாக்கியங்கள் 'நல்ல நூல்', 'அரிய நூல்' என்று சுருங்கும். இவை இரண்டும்தான் கடை மறுபடி குவியலாகிறது என்பதற்கு முதல் அறிகுறிகள். மூன்றாவது, 'பிற' என்ற தலைப்பின் கீழ் ஒரு தட்டு தோன்றுவது. இப்போதெல்லாம் மொத்தத்துக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு, பெட்டிகளைப் பின்னறையில் வைத்து, நாளுக்குக் கொஞ்சமாகச் சீட்டு எழுதி வெளியே கொண்டுவருகிறோம். பின்னறை இல்லாத சிறிய கடைக்கு இந்த ஏற்பாட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இழப்பும் உண்டு. தொடக்கத்தில் கல்லூரி மாணவர்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். ஒழுங்காக இருக்கும் கடையில் விலை அதிகம் இருக்கும் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். விலை முதலில் சீட்டின் அடியில்தான் இருந்தது. அதைப் பட்டைக்கு ஏற்றி, நூலைத் தொடாமலே படிக்கும்படி வைத்த பிறகு தயக்கம் குறைந்தது. ஆனாலும் சிலர் திரும்பி வரவே இல்லை.

சீட்டு சரிப்படாத ஒரே இடம் சிற்றிதழ்கள். கம்பிப் பின் அடித்த மெல்லிய இதழ்களில் அது நிற்காமல் நழுவி விழுகிறது. அவற்றை ஒளிபுகும் பாலிப்ரொப்பிலீன் உறையில் இட்டு, பின்னால் ஓர் அமிலமற்ற அட்டை வைத்து, அட்டையின் தலையிலேயே அந்தப் பட்டையை அச்சிட்டிருக்கிறோம். உறையில் போடுவதற்கு முன்பு துருப்பிடித்த பின்னை எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துவிடுகிறோம்.