சேமித்த இணைப்பு ஆறு மாதம் கழித்துக் கிடைக்குமா? நான்கு இடங்களை ஒப்பிட்டதில்

ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மாமா ஒரு நாள் காலையில் கூப்பிட்டார். "ஓலையெல்லாம் கறுத்துப் போச்சு கண்ணு. அன்னிக்கு வெளக்கெண்ணெய் தடவி என்னமோ கட்டச் சொல்லிப் படிச்சியே, அதைய அனுப்பு."

எனக்கு நன்றாக நினைவிருந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கம் அது. தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈயைப் பற்றியது. மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி மரங்களுக்கு நடுவே ஆள் உயரத்தில் கட்டினால் ஈ வந்து ஒட்டிக்கொள்ளும் என்று படித்திருந்தேன். சேமித்தும் வைத்தேன். எங்கே என்பதுதான் தெரியவில்லை. இருபது நிமிடம் தேடியும் அகப்படாமல், கடைசியில் கூகுளில் புதிதாகத் தேடினேன். மருந்து விற்பவர்களின் பக்கங்களாக வந்து நின்றன.

அதற்குப் பிறகு, நான் இணைப்புகளைப் போட்டு வைக்கும் நான்கு இடங்களையும் ஒரே கேள்வியை வைத்துப் பரிசோதித்தேன். ஆறு மாதம் கழித்து, அரைகுறை ஞாபகத்தோடு வந்தால் எது கையில் எடுத்துக் கொடுக்கும்? சேமிப்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. எல்லாவற்றிலும் அது சுலபம்தான்.

முதலில் வாட்ஸ்அப். நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி 2022 கடைசியில் வந்தது. அதற்கு முன்பும் பலர் தனி ஆள் குழு ஒன்றைத் தொடங்கி அதில் இணைப்புகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இதன் குறை, இணைப்பை மட்டும் அனுப்பிவிட்டால் பின்னால் தேடுவதற்கு நாம் எழுதிய சொல் எதுவும் அதில் இருக்காது என்பதுதான். ‘விளக்கெண்ணெய்’ என்று தேடினால் என்ன வரும்? அத்தை அனுப்பிய பாட்டி வைத்தியம் வரும். இணைப்புகள் மட்டும் வரிசையாகத் தெரியும் தாவல் ஒன்று உண்டு, ஆனால் அதில் தேதி வாரியாகப் பின்னோக்கி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். முந்நூறு இணைப்புக்கு மேல் யாருக்கும் பொறுமை இருக்காது. இணைப்போடு நான்கு சொல் சேர்த்து அனுப்பினால் நிலைமை மாறும். ஆனால் அவசரத்துக்குத்தானே வாட்ஸ்அப்பில் போடுகிறோம், அந்த நேரத்தில் யார் எழுதுகிறார்கள்? இதை வாசலில் இருக்கும் திண்ணையாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். வந்ததை இறக்கி வைக்கலாம், குடியிருக்க முடியாது.

அடுத்தது உலாவியின் புக்மார்க். நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பதும், நாம் சரியாகப் பயன்படுத்தாததும் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

நட்சத்திரத்தை அழுத்தியதும் அந்தப் பக்கத்தின் தலைப்பே புக்மார்க்கின் பெயராகிவிடுகிறது. சிக்கல் தொடங்குவது அங்கேதான். பெரிய நிறுவனத் தளங்களில் தலைப்பு பெரும்பாலும் பொதுவாக இருக்கும்: தளத்தின் பெயர், அப்புறம் பிரிவின் பெயர், அவ்வளவுதான். குரோம் புக்மார்க்குகளில் தேடும்போது பெயரையும் முகவரியையும் பார்க்கும், பக்கத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. நமக்கு ஞாபகம் இருப்பதோ கறுத்த ஓலை, மஞ்சள் தாள், விளக்கெண்ணெய். இவற்றில் ஒன்றுகூடத் தலைப்பில் இல்லை. ஆகவே புக்மார்க் அங்கேயே இருந்தும் இல்லாத கதைதான்.

தமிழ்ப் பக்கங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் அதை நகலெடுத்து ஒட்டும்போது குறியீடாக மாறிவிடும். ‘த’ என்ற ஒரே எழுத்து `%E0%AE%A4` என்று ஒன்பது குறியாக நீளும். தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை யாராவது அனுப்பிப் பார்த்திருந்தால் அந்தச் சதவீதக்குறி அணிவகுப்பு பழக்கமாகியிருக்கும். இப்படி ஒட்டி வைத்த முகவரியைப் பார்த்து எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து கோப்புறை இல்லை. ‘விவசாயம்’ என்று ஒன்று, அதற்குள் ‘தென்னை’, அதற்குள் ‘பூச்சி’ என்று நானும் அடுக்கிப் பார்த்தவன்தான். ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் ‘தென்னை’யில் இருக்கிறதா ‘மாமா’வில் இருக்கிறதா என்று எனக்கே தெரியாது. மருந்து, பெயரை மாற்றுவது. சேமிக்கும் அந்த நொடியில், இதைப் பின்னால் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடுவேன் என்று யோசித்து அந்தச் சொற்களையே பெயராகப் போட்டுவிடுவது. இப்போது அந்தப் பக்கத்துக்கு என் புக்மார்க்கில் பெயர் இது:

```
தென்னை வெள்ளை ஈ ஓலை கறுப்பு கருப்பு மஞ்சள் தாள் விளக்கெண்ணெய் coconut whitefly TNAU 2024-08
```

பார்க்க அழகாக இல்லைதான், நூலகர் பார்த்தால் சிரிப்பார். ஆனால் இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. ‘கறுப்பு’, ‘கருப்பு’ இரண்டும் வேண்டும், ஏனென்றால் தேடும் அன்று எந்த றகரம் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆங்கிலச் சொல் வேண்டும், ஏனென்றால் அலுவலகக் கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்காது. நிறுவனத்தின் பெயரும் தேதியும், இதை ஏன் நம்பினேன், எப்போது நம்பினேன் என்பதற்கு.

தேடும்போதும் ஒரு தந்திரம் உண்டு. தமிழில் சொல் வேற்றுமை ஏறும்போது உருமாறும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ என்று எழுதியது மாட்டாது, மூன்றாவது எழுத்திலேயே வழி பிரிந்துவிடும். அதனால் ‘மர’ என்று அடியை மட்டும் அடியுங்கள். அதேபோல் பெயர் வைக்கும்போது விகுதி எதுவும் இல்லாமல் மொட்டையாக வையுங்கள். குரோமில் முகவரிப் பட்டையில் `@bookmarks` என்று அடித்து Tab விசையைத் தட்டினால், அடுத்து அடிக்கும் சொல்லைப் புக்மார்க்குகளில் மட்டும் தேடும். பயர்ஃபாக்ஸில் நட்சத்திரக்குறி `*` போட்டு ஓர் இடைவெளி விட்டால் போதும். பயர்ஃபாக்ஸில் குறிச்சொல்லுக்குத் தனி இடமும் இருக்கிறது, ஆகவே பெயரை இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வேலைக்குப் பயர்ஃபாக்ஸுக்கு என் ஓட்டு.

மூன்றாவது, இணைப்பு சேமிப்பதற்கென்றே இருக்கும் சேவைகள். Raindrop.io போன்றவற்றில் குறிச்சொல், குறிப்பு எல்லாம் உண்டு, கைப்பேசியிலும் கணினியிலும் ஒன்றுபோல வேலை செய்யும். கட்டணத் திட்டத்துக்குப் போனால் பக்கத்தின் உள்ளடக்கத்துக்குள்ளேயே தேடலாம், நகலும் எடுத்து வைக்கும். மாமாவின் கேள்விக்கு அதில் ‘விளக்கெண்ணெய்’ என்ற ஒரு சொல் போதும். தேடல் திறமையை மட்டும் பார்த்தால் நான்கில் இதுதான் முதலிடம், சந்தேகமில்லை.

ஆனால் இந்தத் துறையின் வரலாறு கொஞ்சம் பயமுறுத்துகிறது. 2003இல் தொடங்கிய டெலிசியஸ் ஒரு காலத்தில் இணைப்பு சேமிப்பவர்களின் தலைநகரம். கை மாறி, கை மாறி 2017இல் போட்டித் தளமான பின்போர்டு அதை வாங்கிப் புதிதாக எதுவும் சேர்க்க முடியாதபடி நிறுத்திவிட்டது. கூகுள் புக்மார்க்ஸ் என்ற தனிச் சேவை 2021 செப்டம்பரோடு போனது. பயர்ஃபாக்ஸ்காரர்களான மொசில்லா 2017இல் வாங்கிய பாக்கெட், 2025 ஜூலை 8ஆம் தேதி மூடப்பட்டது. கணக்கில் இருந்ததை வெளியே எடுத்துக்கொள்ளச் சில மாதம் அவகாசம் கொடுத்தார்கள். வருடக்கணக்கில் எட்டிப் பார்க்காதவர்களுக்கு அந்த அறிவிப்பு எந்த மின்னஞ்சல் குவியலுக்குள் போனதோ! மாதக்கணக்கில் தொடாமல் இருந்துவிட்டு ஒரு நாள் தேடி வருவதுதான் நம் பயன்பாடே. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் இது ஆபத்து. சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் வெளியே எடுக்கும் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதல் வாரத்திலேயே ஒருமுறை அழுத்தி, குறிப்புகளும் சேர்ந்து வருகின்றனவா என்று திறந்து பாருங்கள்.

நான்காவது, சாதாரண விரிதாள். இணைப்பு, தேதி, என்ன இருக்கிறது என்று ஒரு வரி, ஏன் நம்பலாம் என்று ஒரு வரி. நான்கே பத்திகள். இதில் Ctrl+F தேடல் சொல்லின் நடுவில் இருப்பதையும் பிடிக்கும், ‘ளக்கெண்’ என்று அடித்தாலும் வரும். எந்த நிறுவனம் மூடினாலும் கோப்பு நம்மிடம். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: கைப்பேசியிலிருந்து ஓர் இணைப்பைச் சேர்க்க நகலெடு, செயலி மாற்று, வரிசை தேடு, ஒட்டு என்று நான்கு படி. எல்லாவற்றையும் இதில் போடுவேன் என்று தொடங்கிய நான் மூன்றாவது வாரத்தில் விட்டுவிட்டேன்.

நான்குக்கும் பொதுவான ஒரு பள்ளமும் இருக்கிறது. இணைப்பு பத்திரமாக இருக்கும், பக்கம் போயிருக்கும். 2013இல் இருந்த பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாதவையாகிவிட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024இல் கணக்குச் சொன்னது. வெளிப்படையாகப் பிழை காட்டினால் நல்லது, உடனே தெரிந்துவிடும். தளத்தைப் புதுப்பித்தவர்கள் பழைய முகவரியை முகப்புக்குத் திருப்பிவிட்டால், நாம்தான் தவறாகச் சேமித்தோம் போல என்று நினைத்துக்கொள்வோம். அதைவிட மோசம், பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கியிருப்பது. அதே முகவரி, உள்ளே சூதாட்ட விளம்பரம். நம்பி வைத்த புக்மார்க்கே அங்கே கூட்டிக்கொண்டு போகும். அதனால் முக்கியமான பக்கம் என்றால் சேமிக்கும்போதே `web.archive.org/save` போய் முகவரியைக் கொடுத்து ஒரு நகல் எடுக்க வைக்கிறேன். மறந்துவிட்டாலும் கைவிட வேண்டாம். பழைய முகவரிக்கு முன்னால் `web.archive.org/web/2022/` என்று சேர்த்தால், அந்த வருடத்தையொட்டி யாராவது நகல் எடுத்திருந்தால் வந்து நிற்கும். கடவுச்சொல் கேட்கும் பக்கங்களும், பட்டா, வில்லங்கச் சான்று மாதிரி விவரம் கொடுத்தால்தான் முடிவு காட்டும் பக்கங்களும் இப்படிக் கிடைக்காது.

சரி, எதைத்தான் வைத்துக்கொண்டேன்? அன்றாடம் சேமிப்பதெல்லாம் பெயர் மாற்றிய புக்மார்க்கில். கோப்புறை எதுவும் கிடையாது. விரிதாளில் நாற்பது வரிதான், நிஜமாகவே தொலைத்தால் தவிப்பேன் என்பவை மட்டும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நகலின் முகவரி. வாட்ஸ்அப்பில் விழுந்ததை ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்து வைக்கிறேன். எடுத்து வைக்கத் தோன்றாதது எனக்குத் தேவையில்லாதது, அழித்துவிடுவேன். தினம் பத்துப் பதினைந்து இணைப்பு சேர்க்கும் பத்திரிகைக்காரர், ஆய்வு மாணவர் என்றால் நான் சொல்வதைக் கேட்க வேண்டாம், கட்டணச் சேவைக்கே போகலாம். எனக்கு அவ்வளவு இல்லை.

ஜனவரியிலும் ஜூலையிலும் ஒருமுறை குரோமின் புக்மார்க் மேலாளரைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் ஏற்றுமதியை அழுத்தி, வரும் கோப்பை எனக்கே மின்னஞ்சல் அனுப்புகிறேன். சாதாரண எச்.டி.எம்.எல். கோப்பு அது, எந்த உலாவியிலும் திறக்கும்.

மாமாவுக்கு அந்தப் பக்கம் அன்று மாலைதான் போனது. பார்த்துவிட்டு, "இதைய எங்கீங் கண்ணு வெச்சுக்கிறது, அடுத்த வருசமும் வேணுமில்ல?" என்றார். பெயர் மாற்றுவதை அவருக்குப் போனில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அச்செடுத்துத் தோப்பு வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன்.