12% ஃபிளாட்டா, 24% குறையும் வட்டியா: எந்தக் கடன் மலிவு?

இரண்டு நுண்கடன் நிறுவனங்கள் ஒரே ஆளுக்கு 12,000 ரூபாய் கடன் தர முன்வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டிலும் மாதத் தவணை, பன்னிரண்டு மாதம். 'அ' நிறுவனம் சொல்வது ஆண்டுக்கு 12% ஃபிளாட் வட்டி. 'ஆ' நிறுவனம் சொல்வது ஆண்டுக்கு 24%, ஆனால் குறைந்துகொண்டே வரும் அசலின் மீது. பார்த்ததும் 'அ' பாதி விலைக்குக் கிடைக்கிற மாதிரி இருக்கும். இதில் யார் மலிவு என்பது வட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும் இரண்டு மூன்று பிடித்தங்களைப் பொறுத்தது. கணக்கு நடக்கும்போது வெற்றி ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாறுவதையும் பார்க்கலாம்.

முதலில் ஃபிளாட் வட்டி என்ன செய்கிறது என்று பார்ப்போம். 12,000-க்கு 12% என்றால் 1,440. அதை அசலோடு கூட்டினால் 13,440. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,120. இதில் 1,000 அசலுக்கும் 120 வட்டிக்கும் போகிறது. முதல் மாதம் கையில் 12,000 இருந்தது, அதற்கு 120 வட்டி. அதாவது மாதம் 1%. சரி, நியாயம்தான். ஆனால் பதினோரு தவணை கட்டி முடித்த பிறகு பாக்கி இருக்கும் அசல் வெறும் 1,000. அந்தக் கடைசி மாதத்துக்கும் அதே 120 தான் வட்டி. அப்போது அது மாதத்துக்கு 12%! அசல் தேய்கிறது, வட்டி தேய்வதில்லை. சூட்சுமம் இவ்வளவுதான்.

உண்மையான வீதம் வேண்டுமென்றால் விளம்பரத்தில் இருக்கும் சதவீதத்தை மறந்துவிட்டு, எந்தத் தேதியில் எவ்வளவு பணம் கைக்கு வந்தது, எந்தத் தேதியில் எவ்வளவு போனது என்று மட்டும் எழுத வேண்டும். வந்ததையும் போனதையும் சரிக்குச் சரி ஆக்கும் மாத வீதம் எதுவோ அதுதான் கடனின் விலை. வேறு கட்டணம் எதுவும் இல்லை என்று வைத்து 'அ'வுக்கு இப்படிக் கணக்கிட்டால் மாதம் 1.79% வருகிறது. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு 21.5%. ஃபிளாட் வீதத்தை இரட்டிப்பாக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் 24% வரும், கொஞ்சம் அதிகம். மனக்கணக்குக்கு அது பரவாயில்லை, இரண்டு கடன்களை ஒப்பிட உதவாது. இங்கே அதை நம்பியிருந்தால் இரண்டும் ஒரே விலை என்று முடிவுகட்டியிருப்போம். உண்மையில் 21.5-க்கு எதிராக 24. முதல் சுற்றில் 'அ' ஜெயிக்கிறது.

இனி கட்டணங்கள். 'அ' பரிசீலனைக் கட்டணமாக 2% பிடிக்கிறது, அதாவது 240 ரூபாய். 'ஆ' 1% பிடிக்கிறது, 120 ரூபாய். இரண்டுமே கடன் தரும் நாளிலேயே கழித்துக்கொள்வது. ஆகவே 'அ'வில் கைக்கு வருவது 11,760, 'ஆ'வில் 11,880. தவணை மாறாது, 'அ'வுக்கு அதே 1,120, 'ஆ'வுக்கு மாதம் 2% கணக்கில் 1,135. மீண்டும் கணக்கிட்டால் 'அ' 25.4%, 'ஆ' 26.0%. ஓராண்டுக் கடனில் 2% கட்டணம் வீதத்தை நான்கு புள்ளி உயர்த்திவிட்டது. காரணம் எளிது: கட்டணம் முதல் நாளே போய்விடுகிறது, கடனோ சராசரியாக அரை ஆண்டுதான் கையில் இருக்கிறது. ஆறு மாதக் கடனுக்கு அதே 2% பிடித்தால் அடி இன்னும் பலமாக விழும். ஆனாலும் 'அ' இன்னும் மயிரிழையில் முன்னால்தான் இருக்கிறது.

மூன்றாவது பிடித்தத்தில்தான் கதை மாறுகிறது. 'அ' நிறுவனம் கடனில் 10%, அதாவது 1,200 ரூபாயை, சேமிப்பு வைப்பு என்று பிடித்து வைத்துக்கொள்கிறது. கடைசித் தவணை கட்டிய அன்று திருப்பித் தரும், வட்டி கிடையாது. திரும்ப வரும் பணம்தானே, இதில் என்ன செலவு என்று தோன்றும். கையில் வராத பணத்துக்கும் வட்டி கட்டுகிறோம் என்பதுதான் செலவு. இப்போது இரண்டு கடன்களின் வரவு செலவு இப்படி நிற்கிறது:

| நாள் | 'அ' | 'ஆ' |
|---|---|---|
| தொடக்கம் | +10,560 | +11,880 |
| 1 முதல் 11 மாதம் வரை, மாதம் ஒன்றுக்கு | −1,120 | −1,135 |
| 12ஆம் மாதம் | −1,120 + 1,200 = +80 | −1,135 |

'அ'வின் வீதம் மாதம் 2.56%, ஆண்டுக்கு 30.7%. 'ஆ' அதே 26.0%. கடைசி மாதத்தைக் கவனியுங்கள்: பாக்கி அசல் 1,000, அவர்களிடம் இருக்கும் நம் பணம் 1,200. அந்த ஒரு மாதம் நாம்தான் அவர்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறோம், கூடவே 120 வட்டியும் கட்டுகிறோம்!

இங்கே ஒருவர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: 'அ'வில் மொத்தச் செலவு வட்டி 1,440, கட்டணம் 240, ஆக 1,680. 'ஆ'வில் வட்டி 1,620, கட்டணம் 120, ஆக 1,740. ரூபாய்க் கணக்கில் 'அ' தானே 60 குறைவு? கேள்வி சரியானது. ஆனால் 'அ' கையில் கொடுத்தது 1,320 ரூபாய் குறைவு. தேவை 11,880 ரூபாய் என்றால் 'அ'விடம் 12,000 வாங்கிப் பிரயோஜனமில்லை, 13,500 வாங்க வேண்டும். அதில் 270 கட்டணமும் 1,350 வைப்பும் போனால் மிச்சம் 11,880. அதற்கு மாதத் தவணை 1,260. வைப்பு திரும்பி வந்த பிறகும் மொத்தச் செலவு 1,890. அதே பணத்தை 'ஆ' 1,740-க்குத் தருகிறது, தவணையும் மாதம் 125 ரூபாய் குறைவு. ஒப்பிடும்போது பத்திரத்தில் எழுதிய தொகையைச் சமமாக வைக்கக்கூடாது, கைக்கு வரும் தொகையைத்தான் சமமாக வைக்க வேண்டும். வீதம் இந்த வேலையைத் தானாகவே செய்துவிடுகிறது.

கணக்கை எக்செல் போன்ற விரிதாளில் போடுவது சுலபம். B2-இல் 10560, B3 முதல் B13 வரை -1120, B14-இல் 80 என்று போட்டுவிட்டு:

```
=IRR(B2:B14, 0.02)
=IRR(B2:B14, 0.02)*12
=(1+IRR(B2:B14, 0.02))^12-1
```

அந்த 0.02 ஒரு தொடக்க ஊகம். இந்த வரிசையில் குறி இரண்டு முறை மாறுகிறது: கூட்டல், கழித்தல், கடைசியில் மறுபடி கூட்டல். அப்படி மாறினால் கணிதப்படி ஒன்றுக்கு மேற்பட்ட விடை இருக்கலாம். எதிர்மறையில் அர்த்தமில்லாத ஒரு வீதம் வந்து நிற்கவும் கூடும், அதனால் நியாயமான ஊகத்தைக் கொடுப்பது நல்லது. சந்தேகம் இருந்தால் விடையைக் கையால் நடத்திப் பாருங்கள்: 10,560-க்கு ஒரு மாத வட்டி 2.56% சுமார் 270. 1,120 கட்டினால் பாக்கி 9,710. அதற்கு வட்டி 249, மறுபடி 1,120 கட்டினால் பாக்கி 8,839. இப்படியே பன்னிரண்டாம் மாதம் வரை போனால் பாக்கி பூஜ்யத்தை ஒட்டி வந்து நிற்க வேண்டும். பாக்கி மிஞ்சினால் நீங்கள் பிடித்த வீதம் அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் வீதம் குறைவு. விரிதாள் இல்லாதவர்களும் இப்படி நாலைந்து முறை முயன்றால் விடையை நெருங்கிவிடலாம்.

மேலே உள்ள மூன்றாவது வரிதான் கூட்டு வட்டி முறையில் வரும் ஆண்டு வீதம். அந்த முறையில் 'அ' 35.5%, 'ஆ' 29.4%. பன்னிரண்டால் பெருக்கிய 30.7%-உம் இதுவும் ஒரே கடன்தான், அளவுகோல் மட்டும் வேறு. அமெரிக்கச் சட்டம் பெருக்கிய எண்ணைக் கேட்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் கூட்டிய எண்ணைக் கேட்கிறது. எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் இரண்டு கடனுக்கும் ஒன்றையே எடுங்கள். 'ஆ' சொன்ன 24% பெருக்கிய வகை. அதன் பக்கத்தில் 'அ'வின் 35.5-ஐ வைத்தால் 'அ' இருப்பதைவிட மோசமாகத் தெரியும், அதுவும் அநியாயம்தான்.

இன்னொன்று, தவணையின் இடைவெளி. அதே 12% ஃபிளாட் கடனை, கட்டணமும் வைப்பும் இல்லாமல், 52 வாரத் தவணையாகக் கட்டினால் கூட்டு ஆண்டு வீதம் 25.4% ஆகும், மாதத் தவணையில் அது 23.7%. வாரத்துக்குச் சின்னத் தொகை என்பது கட்ட வசதிதான், ஆனால் அசல் சீக்கிரம் திரும்பிப் போகிறது. கட்டாயக் காப்பீடு, உறுப்பினர் கட்டணம் போன்றவை இருந்தால் அவை போகும் தேதியில் அப்படியே சேர்த்துக்கொள்ளுங்கள். விரும்பினால் மட்டும் எடுக்கும் காப்பீட்டைச் சேர்க்க வேண்டியதில்லை.

என் பார்வையில் இரண்டு கடன்களுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் முன்கூட்டி அடைப்பதில்தான். ஆறாம் தவணையோடு கடனை முடித்துவிட நினைக்கிறீர்கள். 'ஆ'வில் அன்றைய பாக்கி 6,354. அதைக் கட்டினால் தீர்ந்தது, கூட்டு ஆண்டு வீதம் 30.2%. கட்டணம் குறைந்த காலத்தில் பரவுவதால் சற்றே கூடியது, அவ்வளவே. 'அ'வின் ஒப்பந்தத்தில் ஃபிளாட் வட்டி முழுவதையும் கட்டியாக வேண்டும் என்று இருந்தால், மிச்ச அசல் 6,000-உடன் இன்னும் வராத ஆறு மாதங்களின் வட்டி 720-ஐயும் சேர்த்துக் கட்ட வேண்டும். வைப்பு 1,200 அன்றே திரும்பிவிட்டாலும் வீதம் 47.3%-க்கு எகிறுகிறது. வட்டித் தள்ளுபடி உண்டா, வைப்பு அன்றே திரும்புமா என்ற இரண்டு கேள்விகளையும் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'அ' வைப்பைக் கைவிட்டு, தள்ளுபடியும் தர ஒப்புக்கொண்டால், முழு ஆண்டும் கட்டப்போகிறவருக்கு அதன் கூட்டு வீதம் 28.6%. அப்போது நான் 'அ'விடமே வாங்குவேன்.